பொடி, ஊறுகாய் கூரியரில் அனுப்புகிறீர்களா? பேக்கிங் செலவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் பொடி அரைத்து, ஊறுகாய் போட்டு, வாட்ஸ்ஆப்பில் ஆர்டர் எடுத்து அனுப்புகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. கணக்குகளை என் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தும், காகிதத்தில் போட்டுப் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

அக்கா, நான் அனுப்பினது மொத்தமே 400 கிராம் பொடி. கூரியர்ல ஒன்றரைக் கிலோவுக்குக் காசு வாங்கிட்டாங்க. ஏமாத்துறாங்களா?

ஏமாற்றவில்லை. பெட்டி பெரிதாகப் போய்விட்டது. கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்ப்பார்கள். ஒன்று தராசு காட்டும் எடை. இன்னொன்று பெட்டி அடைத்துக்கொள்ளும் இடத்தை எடையாக மாற்றுவது. இதை வால்யூமெட்ரிக் எடை என்பார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். வண்டியில் பஞ்சு மூட்டை ஏற்றினாலும் இடம் போனது போனதுதானே, அந்தக் கணக்கு.

சூத்திரம் எளிது:

```
நீளம் × அகலம் × உயரம் (செ.மீ.) ÷ 5000 = கிலோ
```

உங்கள் பெட்டி 25 × 20 × 15 என்று சொன்னீர்கள். பெருக்கினால் 7500. ஐயாயிரத்தால் வகுத்தால் ஒன்றரைக் கிலோ. உள்ளே பொடிக்குப் பதிலாக வெறும் காற்று இருந்திருந்தாலும் அதே காசுதான். ஸ்பீட் போஸ்டிலும் பெரும்பாலான கூரியர்களிலும் இந்த 5000தான் வழக்கம். தரைவழிச் சேவைகளில் சிலர் இதைவிடச் சிறிய எண்ணால் வகுப்பார்கள், அப்போது எடை இன்னும் கூடும். கணக்குத் தொடங்கும்போதே "எதால வகுப்பீங்க?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போ 400 கிராமுக்கு எந்த அளவு பெட்டி வாங்கணும்?

இதற்குக் கொஞ்சம் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். பலர் காசு விடுவது இந்த இடத்தில்தான்.

கூரியரில் கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோ படிகளாக ஏறும். 499 கிராமுக்கும் 300 கிராமுக்கும் ஒரே காசு. 510 கிராம் ஆனால் ஒரு கிலோ காசு. ஆகவே நம் இலக்கு பெட்டியை முடிந்த மட்டும் லேசாக்குவது இல்லை. எடை, இடம் இரண்டும் அரைக்கிலோவுக்குள் நிற்க வேண்டும், அவ்வளவுதான். இடம் 2500 கன சென்டிமீட்டருக்குள் இருந்தால் அரைக்கிலோ.

கடையில் பெட்டி அங்குலத்தில் கிடைக்கும். 8 × 6 × 4 எல்லாருக்கும் பழகிய அளவு. சென்டிமீட்டரில் 20.3 × 15.2 × 10.2, பெருக்கினால் 3100க்கு மேல். ஆக, அதில் எதை வைத்தாலும் ஒரு கிலோ கட்டணம். சரி, உயரத்தைக் குறைத்து 8 × 6 × 3 வாங்கலாம் என்று நானும் நினைத்தேன். கணக்கில் 2345 வந்தது, அரைக்கிலோவுக்குள். நூறு பெட்டி வாங்கினேன். முதல் வாரமே பில்லில் ஒரு கிலோ!

என்ன நடந்தது என்றால், கடைக்காரர் சொல்வது பெட்டியின் உள் அளவு. கூரியரில் அளப்பது வெளி அளவு. மூன்று பிளை அட்டை சுமார் 3 மில்லிமீட்டர் தடிமன். நீளத்திலும் அகலத்திலும் இரண்டு பக்கச் சுவர் சேர்ந்து 6 மில்லிமீட்டர் கூடும். உயரத்தில் மேலே இரண்டு மடிப்பு, கீழே இரண்டு மடிப்பு, ஆக நான்கு அட்டை, 12 மில்லிமீட்டர். வெளியே அளந்தால் 20.9 × 15.8 × 8.8. பெருக்கினால் 2900. போச்சு.

இப்போது நான் வாங்குவது 8 × 5½ × 2½ அங்குலம். வெளி அளவு 20.9 × 14.6 × 7.5 வரும், பெருக்கினால் 2290 அளவில். இருநூறு கிராம் பொடி பை இரண்டை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் கச்சிதமாக உட்காரும். தராசு எடை இப்படி:

பொடி 400. இரண்டு பைகள் 14. பெட்டி 60. டேப் 4, முகவரித் தாள் 5. மொத்தம் 483 கிராம்.

இன்னும் ஒரு பொறி இருக்கிறது. மூடி சரியாக உட்காராமல் நடுவில் ஒரு சென்டிமீட்டர் புடைத்திருந்தால் இயந்திரம் அந்தப் புடைப்பின் உச்சியைத்தான் அளக்கும். 7.5 என்பது 8.5 ஆனால் 2590, மறுபடி ஒரு கிலோ. பையில் காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றிவிட்டு சீல் வையுங்கள். ஒட்டிய பெட்டியின் மேல் ஓர் அளவுகோலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் அது ஆடாமல் நிற்க வேண்டும்.

மூணு பிளை போதுமா? அஞ்சு பிளை வாங்குங்கன்னு கடைக்காரர் சொல்றார்.

இரண்டு கிலோவுக்குக் குறைவான பொடி, ஊறுகாய்ப் பைகளுக்கு மூன்று பிளை போதும். கண்ணாடி இருந்தாலோ, நாலைந்து கிலோ ஒரே பெட்டியில் போனாலோ ஐந்து பிளை.

மூன்று பிளை என்றால் வெளித்தாள், உள்தாள், நடுவில் நெளிவாக ஒட்டிய தாள். தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்பார்கள். ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில். மூன்றும் 120 ஜிஎஸ்எம் என்றால், நெளிந்த தாள் மட்டும் சுமார் ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு நீளம் பிடிக்கும் என்பதால், ஒரு சதுர மீட்டர் அட்டை 400 கிராம் சொச்சம். ஐந்து பிளை 700 கிராமை நெருங்கும். மேலே சொன்ன பெட்டியையே ஐந்து பிளையில் செய்தால் 60 கிராம் இருந்த இடத்தில் 100 ஆகிவிடும், மொத்தம் 520ஐத் தாண்டும். சுவரும் தடிக்கும், வெளி அளவும் ஏறும்.

பிளையைவிடத் தாளின் தரம்தான் முக்கியம். மட்டமான ஐந்து பிளையைவிட நல்ல மூன்று பிளை தாங்கும். கடையில் இரண்டு சோதனை செய்யுங்கள். பெட்டியின் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். நெளிவு உடனே நசுங்கித் தழும்பு நின்றுவிட்டால் வேண்டாம். மடிப்பை ஐந்தாறு முறை முன்னும் பின்னும் மடக்குங்கள்; வெளித்தாள் வெடித்தால் வேண்டாம். அப்புறம் சுவரில் நெளிவுக் கோடுகள் செங்குத்தாக நிற்கிறதா என்று பாருங்கள். தூண் மாதிரி நின்றால்தான் மேலே வைக்கும் சுமையைத் தாங்கும்.

பெட்டியே இல்லாம கூரியர் கவர்ல போட்டு அனுப்பினா?

பொடிக்கு அனுப்பலாம். 10 × 12 அங்குலக் கவர் ஒன்பது கிராம்தான் இருக்கும். பெட்டியோடு ஒப்பிட்டால் 50 கிராம் மிச்சம், அந்த இடத்தில் பொடியையே கொஞ்சம் கூட்டி வைக்கலாம். மழைக்கும் பயமில்லை.

ஆனால் கவர் வெளியிலிருந்து வரும் நசுக்கலைத் தடுக்காது. மூட்டைக்கு அடியில் போகும்போது பொடி பையின் சீல்தான் மொத்தச் சுமையையும் தாங்க வேண்டும். அதனால் சீலைச் சோதித்த பிறகே கவருக்கு மாறுங்கள். பையை ஒரு வாளித் தண்ணீருக்குள் அமுக்கி, உள்ளங்கையால் அழுத்துங்கள். எங்காவது குமிழி வந்தால் அந்த இடத்தில் சீல் விட்டிருக்கிறது. வராவிட்டால் பையைத் தரையில் வைத்து மேலே ஒரு ஐந்து கிலோ அரிசிப் பையை இரவு முழுக்க வைத்துப் பாருங்கள்.

அப்பளம், முறுக்கு, வடகத்துக்குக் கவர் வேண்டவே வேண்டாம். போய்ச் சேரும்போது பொடியாகத்தான் இருக்கும்.

பபிள் ராப் விலை ஜாஸ்தி. பழைய பேப்பர் சும்மாவே கிடைக்குதே?

சும்மா கிடைப்பது எடையில் காசு வாங்கிவிடும். விரித்த செய்தித்தாள் ஒன்று 15 கிராமுக்கு மேல். ஐந்து தாளைக் கசக்கி நான்கு மூலையிலும் திணித்தால் 80 கிராம். அதே வேலையைச் செய்யும் பபிள் ராப், ஒரு முழத்துக்கு ஒரு சாண் துண்டு, ஏழெட்டுக் கிராம்தான். அரைக்கிலோ எல்லையில் நிற்கும் பார்சலில் இந்த வித்தியாசம் நேரே அடுத்த படிக்குத் தள்ளிவிடும். எல்லைக்கு வெகு கீழே இருக்கும் பார்சலில் தாராளமாகப் பேப்பர் வையுங்கள், தப்பே இல்லை. ஒரு பெட்டிக்கு எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள் என்பதைத் தராசுதான் சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொன்னால், சரியான அளவுப் பெட்டியில் திணிக்க இடமே இருக்காது. குலுக்கினால் சத்தம் வரவில்லை என்றால் பபிள் ராப்பும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம்.

செய்தித்தாள் மை பட்ட தாள் உணவைத் தொடக்கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதையே சொல்கிறது. சீல் வைத்த பைக்கு வெளியே மட்டும் பயன்படுத்துங்கள்.

ஊறுகாயைக் கண்ணாடி பாட்டில்லதான் அனுப்புறேன், பார்க்க அழகா இருக்கு. ஆனா ஷிப்பிங் கட்டுப்படியாகலை.

300 கிராம் ஊறுகாய் பிடிக்கும் கண்ணாடி பாட்டிலை நிறுத்துப் பாருங்கள், மூடியோடு 180 முதல் 200 கிராம் காட்டும். இரண்டு பாட்டில் என்றால் பெட்டி சேர்க்கும் முன்பே ஒரு கிலோ. கண்ணாடிக்கு ஐந்து பிளை, சுற்றிலும் இரண்டு சுற்று பபிள் ராப், நடுவில் தடுப்பு அட்டை எல்லாம் வேண்டும். ஒன்றரைக் கிலோ கட்டணம் நிச்சயம். இதே ஊறுகாய் பெட் பிளாஸ்டிக் ஜாடியில் போனால் ஜாடி 25, 30 கிராம்தான்; பெட்டி, பபிள் ராப் எல்லாம் சேர்ந்து 770 அளவில் நின்று ஒரு கிலோ படியில் போய்விடும். இடமும் 5000 கன சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அடிமட்டம் தட்டையாக நிற்கும் பையில் போனால் பை பத்துக் கிராம்.

நான் பைக்கு மாறியபோது வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயந்தேன். "வந்ததும் உங்கள் வீட்டு ஜாடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி பையில் அச்சடித்தேன். ஒருவர்கூடக் குறை சொல்லவில்லை. பரிசாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் கண்ணாடி வைத்திருக்கிறேன், கூடுதல் செலவை அவர்களிடமே வாங்கிக்கொள்கிறேன்.

பைக்கு மாறுவதில் ஒரே தொல்லை எண்ணெய். ஜிப் மட்டும் உள்ள பையை நம்பாதீர்கள். ஜிப்புக்கு மேலே கண்டிப்பாகச் சூட்டு சீல் போட வேண்டும். போட்ட சீல் நிற்காமல் போவதற்கு முக்கியக் காரணம், பையில் ஊறுகாய் போடும்போது வாய்ப்பகுதியில் எண்ணெய் பட்டுவிடுவது. எண்ணெய்ப் படலத்தின் மேல் பிளாஸ்டிக் ஒட்டாது. பார்வைக்கு ஒட்டியது போல இருக்கும், இரண்டு நாள் பயணத்தில் கசியும். அகல வாய் புனல் வைத்துப் போடுங்கள், போட்ட பிறகு உள் வாயைக் காய்ந்த துணியால் துடையுங்கள், அரை அங்குல இடைவெளியில் இரண்டு கோடு சீல் போடுங்கள். பிறகு பையைத் தலைகீழாக ஒரு டிஷ்யூ தாளின் மேல் ஓர் இரவு நிறுத்துங்கள். காலையில் தாளில் மஞ்சள் வட்டம் இருந்தால் அந்தத் தொகுப்பு முழுவதையும் மறுபடி சீல் போட வேண்டும்.

அனுப்பின பை உப்பிப்போய்ச் சேர்ந்தது என்று புகார் வந்தால் அது பேக்கிங் குறை இல்லை. ஊறுகாயில் ஈரம் மிச்சம் இருந்து புளிக்கத் தொடங்கியிருக்கிறது. அதைப் பையை மாற்றித் தீர்க்க முடியாது.

டேப் எத்தனை சுத்து சுத்தணும்?

சுற்றவே வேண்டாம். இரண்டு அங்குல டேப்பில் மேல் மடிப்புகள் சேரும் நடுக் கோட்டின் மேல் ஒன்று, இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆங்கில H மாதிரி. அடியிலும் அப்படியே. நடுக் கோட்டு டேப் இரண்டு பக்கச் சுவரிலும் மூன்று விரல் இறங்கட்டும், அங்கேதான் பெட்டி திறக்கப் பார்க்கும். சின்னப் பெட்டிக்கு ஒன்றரை மீட்டர், இரண்டு மீட்டர் போதும். மீட்டருக்கு இரண்டு கிராம்தான். ஆனால் பயத்தில் ஏழெட்டுச் சுற்று சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். டேப்பில் மட்டும் பத்துக் கிராம் போகும், வாங்குகிறவர் அரிவாள்மனை எடுத்து வந்து பெட்டியைப் பிளப்பார்.

டேப் ரோலை வாங்கும்போது மீட்டர் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். நடுக் குழாய் தடித்து, டேப் கொஞ்சமாகச் சுற்றிய ரோல்கள் உண்டு. கையில் தூக்கிப் பார்த்தாலே புரியும்.

மளிகைக் கடைல பழைய பெட்டி தர்றாங்க. பயன்படுத்தலாமா?

உள்ளூரில் ஆட்டோவில் கொடுத்து அனுப்ப நல்லது. கூரியருக்கு மூன்று காரணத்தால் நான் தவிர்க்கிறேன். ஒருமுறை சுமந்த அட்டையில் நெளிவு நசுங்கியிருக்கும், பலம் போயிருக்கும். நம் அளவுக்கு அமையாது; வெட்டி ஒட்டினால் கால் மணி நேரம் போகும். பழைய பார்கோடு ஒன்று ஓரத்தில் ஒட்டியிருந்தால் பார்சல் வேறு ஊருக்குப் போகவும் வாய்ப்பு உண்டு. சோப்புப் பெட்டி என்றால் கேட்கவே வேண்டாம், சாம்பார்ப் பொடி சோப்பு வாசனையோடு போய்ச் சேரும்.

பழைய பெட்டியை வெட்டித் தடுப்பு அட்டையாக மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

மழைக்காலத்துல பெட்டி நமுத்துப் போயிடுதே?

அட்டை ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் பலம் பாதியாகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பெட்டி வாங்கி மொட்டை மாடி அறைத் தரையில் அடுக்கி வைத்தாலே போதும், அனுப்பும் முன்பே தளர்ந்துபோயிருக்கும். தரையிலிருந்து தூக்கி, மரப்பலகையின் மேல் வையுங்கள், அடுக்கைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

அந்த இரண்டு மாதமும் பெட்டியைக் கூரியர் கவருக்குள் போட்டு அனுப்புகிறேன். பத்துக் கிராம் கூடும். மேலே சொன்ன 483 கிராம் 493 ஆகும், அப்போதும் அரைக்கிலோதான். இந்தப் பத்துக் கிராமுக்கும் இடம் வைத்துத்தான் பெட்டி அளவைத் தேர்ந்தெடுத்தேன். மழை நாளில் தாளும் ஈரம் ஏறி ஒன்றிரண்டு கிராம் கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

உடையாமல், கசியாமல் போய்ச் சேருமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

கீழே போட்டுப் பாருங்கள். பார்சல் சோதனைக்கு உலகளவில் பயன்படும் ஐஎஸ்டிஏ 1ஏ என்ற முறையில் பத்துக் கிலோவுக்குள் உள்ள பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவார்கள். நம் சாப்பாட்டு மேசை உயரம்தான். முதலில் ஒரு மூலை, அடுத்து அந்த மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், கடைசியாக ஆறு பக்கங்களும். பெட்டியின் சுவரை ஒட்டிச் சேர்த்திருக்கும் மூலையிலிருந்து தொடங்குங்கள், அதுதான் பலவீனமான இடம்.

திறந்து பார்க்கும்போது பொருள் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. பெட்டியின் எந்த மூலை உள்ளே போயிருக்கிறது, டேப் எங்கே தூக்கியிருக்கிறது, பை எங்கே நகர்ந்திருக்கிறது என்று பாருங்கள். எங்கே பெட்டி தோற்றதோ அந்த இடத்தை மட்டும் சரி செய்யுங்கள். மொத்தமாக எல்லாவற்றையும் கனமாக்கினால் போன கிராம் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

எங்கே வாங்குவது? எத்தனை?

சென்னையில் பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகள், மற்ற ஊர்களில் உள்ளூர் பெட்டித் தயாரிப்பாளர். ஆன்லைனில் 25, 50 என்று வாங்கிப் பார்த்து அளவை முடிவு செய்துகொண்டு, அதற்குப் பிறகு தயாரிப்பாளரிடம் போங்கள். நமக்கு வேண்டிய அளவில் வெட்டித் தரக் குறைந்தது இத்தனை நூறு என்பார்கள், அப்போது இன்னொரு வீட்டு விற்பனையாளரோடு பங்கு போட்டுக்கொள்ளலாம். நான் ஒரு நண்பரோடு பாதிப் பாதி எடுத்துக்கொள்கிறேன். அளவு சொல்லும்போது வெளி அளவு என்று தெளிவாகச் சொல்லி, ஒரு மாதிரிப் பெட்டியை முதலில் வாங்கி, அளந்து, நிறுத்து, பொருளை வைத்து மூடிப் பார்த்த பிறகே மொத்தமாகச் சொல்லுங்கள்.

பெட்டி விலையில் ஒரு ரூபாய் குறைக்க மெனக்கெட வேண்டாம். அரைக்கிலோவுக்கு 60, ஒரு கிலோவுக்கு 100 என்று வைத்துக்கொண்டால், ஒரு பார்சல் படி தாண்டியதால் போகும் நாற்பது ரூபாயை நாற்பது பெட்டியில் பேரம் பேசித்தான் ஈடுகட்ட முடியும்.

நம்ம தராசுல 483, அவங்க தராசுல 540. என்ன பண்றது?

சமையலறைத் தராசு பொய் சொல்கிறதா என்று முதலில் பாருங்கள்: பிரிக்காத அரைக்கிலோ உப்புப் பாக்கெட்டைத் தராசில் வைத்தால் 500க்கு மேல் ஓரிரு கிராம் காட்ட வேண்டும், உறையும் உண்டல்லவா. தராசு சரி என்றால், ஒவ்வொரு பார்சலையும் ஒட்டிய பிறகு தராசின் மேல் வைத்து, எண் தெரிய, முகவரித் தாளும் தெரிய ஒரு படம். பக்கத்தில் அளவுகோல் வைத்து மூன்று பக்கத்துக்கும் ஒவ்வொரு படம். முறையிடுவதற்கு இதைக் கேட்பார்கள். முறையிடக் கெடு உண்டு, அதனால் பில்லை வாரத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். எனக்கு ஒரு முறை ஏழு பார்சலுக்கு இப்படி ஏற்றிவிட்டிருந்தார்கள். ஐந்துக்குப் படம் இருந்தது, ஐந்துக்கும் காசு திரும்ப வந்தது.